கழிவு போகக் கையில் வந்தது

2012 தை மாதம் பேசாலையில் என் பெரியம்மா ஒரு சீட்டுத் தொடங்கினா. ஆள் 20, மாதம் 5,000, சீட்டு ஒரு லட்சம். நான் அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கணக்கில் கெட்டிக்காரி என்று வீட்டில் ஒரு பேர் இருந்ததால், சீ.ஆர். கொப்பி ஒன்றையும் பேனையையும் என் கையில் தந்து, “பிள்ளை, நீ எழுது. எனக்கு வாய்தான் கணக்கு” என்று சொல்லிவிட்டா. அதனால் அந்த 20 மாதமும் ஞாயிறு பூசை முடிந்த பிறகு எங்கள் முன்விறாந்தையில் நடந்த ஒவ்வொரு கூறலும் என் எழுத்தில்தான் இருக்கிறது.

எங்களுடையது ஏலச்சீட்டு. குலுக்குச் சீட்டில் பேர் எழுதிப் போட்டு எடுத்தால் முடிந்தது; யாருக்கு விழுந்தாலும் முழுக்காசு. ஏலச்சீட்டில் காசு அவசரமானவர் மற்றவர்களுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கத் தயார் என்று கூற வேண்டும். அந்த விட்டுக்கொடுப்புத்தான் கழிவு. கூடக் கழிவு கேட்டவருக்குச் சீட்டு. கழிவு எல்லாருக்கும் பிரிபடும், அதனால் அந்த மாதம் எல்லாரும் 5,000க்குக் குறைவாகக் கட்டுவார்கள்.

பெரியம்மா தன் விதிகளைத் தொடக்க நாளே கொப்பியின் முதல் பக்கத்தில் எழுத வைத்தா. முதல் மாதச் சீட்டு நடத்துகிறவருக்கு, கழிவில்லாமல் முழு லட்சம். இரண்டாம் மாதத்திலிருந்து ஒவ்வொரு சீட்டிலும் 3,000 கொமிசன், அது கேட்ட கழிவுக்குள்ளேயே அடங்கும். ஆகவே ஏலம் 3,000இல் தொடங்கும். 30,000க்கு மேல் கேட்க முடியாது. அந்த எல்லையில் இரண்டு பேர் நின்றால் குலுக்கல். கழிவில் கொமிசன் போக மிச்சம் 20 பேருக்கும் பங்கு, ஏற்கெனவே எடுத்தவர்களுக்கும்தான். காசு பத்தாம் திகதிக்குள் வர வேண்டும்.

பேசாலை மன்னார்த் தீவின் வடகரையில் இருக்கிற மீன்பிடி ஊர். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தொழில் படுக்கும். வாடை ஓய்ந்த கையோடு வலை வாங்க, போட்டுக்குப் பைபர் ஒட்ட, எஞ்சினைத் திருத்த எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் காசு வேண்டும். போதாததற்கு அந்தக் காலத்தில் திங்கள், புதன், சனி இரவுகளில் அக்கரையிலிருந்து இழுவைப் படகுகள் வரும். அந்த இரவுகளில் எங்கள் ஆட்கள் வலை போடப் பயந்தார்கள். போட்டவர்களில் சிலர் விடியற்காலை மிதப்புக் கட்டைகளோடு மட்டும் வந்தார்கள். ஆகவே இரண்டாம் மாதத்திலேயே இரண்டு பேர் 30,000 வரை ஏறிக் குலுக்கலுக்குப் போனார்கள். மூன்றாம் மாதம் 28,000, நான்காம் மாதம் 27,000. கொப்பியில் கழிவு எண்ணைப் பார்த்தாலே கடல் எப்படியிருந்தது என்று சொல்லிவிடலாம்.

ஐந்தாம் மாதம் வைகாசி. கடற்கரைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு எஞ்சின் தேவைப்பட்டது. அவவின் புருசன் வைத்திருந்த எஞ்சின் நடுக்கடலில் நின்று, பக்கத்துப் போட்டுக்காரர் கட்டி இழுத்துக்கொண்டு வந்த பிறகு, திருத்துகிறவர் கையை விரித்துவிட்டார். மன்னார் டவுனில் பாவித்த எஞ்சின் ஒன்று 75,000க்கு இருந்தது. இந்த 75,000தான் அக்காவின் தலையில் இருந்த எண். லட்சத்தில் 25,000 போனாலும் 75,000 மிஞ்சும், ஆகவே 25,000 வரை கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தா.

எதிராளி ஒரு தாய். மகனைக் கட்டாருக்கு அனுப்ப ஏஜென்சிக்காரனுக்குக் காசு கொடுக்க வேண்டிய அவசரம். இரண்டு பேரும் ஆயிரம் ஆயிரமாக ஏறினார்கள். 18,000 மட்டும் சத்தமாகக் கேட்டவர்கள் 20,000 தாண்டியதும் மெல்லமாகக் கேட்கத் தொடங்கினார்கள். கருவாட்டு வியாபாரி மாமா சுவரில் சாய்ந்தபடி, “கேளுங்கோ, கேளுங்கோ, நல்லாக் கேளுங்கோ” என்று உற்சாகம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சீட்டு எடுக்கிற எண்ணமே கிடையாது. கடைசி மட்டும் காத்திருந்து பங்கு வாங்குவதற்கென்றே சேர்ந்தவர். அக்கா 24,000 சொன்னதும் கட்டார்த் தாய் வாயை மூடிக்கொண்டா. “ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம்” என்று பெரியம்மா சொல்லி முடிக்க முன்னமே நான் எழுதிவிட்டேன்.

பிறகு என் வேலை. கழிவு 24,000. அதில் கொமிசன் 3,000 போக மிச்சம் 21,000. அதை 20ஆல் பிரித்தால் ஆளுக்கு 1,050. ஆகவே அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது 3,950. இருபது பேரும் கட்டினால் சேர்வது 79,000. அதில் பெரியம்மாவுக்கு 3,000, எடுத்தவருக்கு 76,000. இந்தக் கடைசி வரிதான் என் சோதனை. சேர்ந்த காசும் கொடுத்த காசும் ஒரு ரூபாய் பிசகாமல் பொருந்தாவிட்டால் பங்கை எங்கேயோ பிழையாகப் பிரித்திருக்கிறேன் என்று அர்த்தம்.

பத்தாம் திகதி பின்னேரம் அக்கா காசு வாங்க வந்தா. பெரியம்மா எண்ணி வைத்தது 72,050 ரூபாய்.

“இதென்ன பெரியம்மா? நான் இருபத்திநாலுதானே கேட்டனான். எழுபத்தாறெல்லோ வர வேணும்?”

“எழுபத்தாறுதான் பிள்ளை. நீ இந்த மாசச் சீட்டுக் காசு கட்டினனீயே?”

அக்கா கட்டியிருக்கவில்லை. எடுக்கிற மாதமும் எடுக்கிறவர் கட்டத்தான் வேண்டும். இருபதாவது ஆள் அவவேதான். அந்த 3,950ஐப் பிடித்துக்கொண்டுதான் பெரியம்மா எண்ணியிருந்தா. கொப்பியில் 76,000, மடியில் 72,050, எஞ்சின் 75,000. இடையில் 2,950 துண்டு விழுந்தது.

எனக்கு அன்றைக்கு அது பெரிய விசயமாகப் பட்டது. அக்கா போன பிறகு, எங்கே நிறுத்தியிருந்தால் கையில் 75,000 வந்திருக்கும் என்று கொப்பியின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். கழிவை ஆயிரம் கூட்டினால் சீட்டுக் காசில் ஆயிரம் குறையும். ஆனால் அந்த ஆயிரத்தில் 50 ரூபாய் பங்காக அவவுக்கே திரும்பி வரும், அதாவது கட்டுகிற காசு 50 குறையும். ஆகவே கையில் குறைவது 950தான். கழிவு வெறும் கொமிசனோடு 3,000இல் நின்றால் 97,000 கிடைத்து 5,000 கட்ட வேண்டும், கையில் 92,000. அங்கிருந்து 75,000க்கு இறங்க 17,000 இடமிருக்கிறது. 950ஆல் பிரித்தால் ஏறக்குறைய 18. அப்படியென்றால் 3,000உம் 18,000உம், 21,000க்குக் கொஞ்சம் கீழே. 20,800இல் வைத்துச் சரிபார்த்தேன்: சீட்டு 79,200, பங்கு 890, கட்டுவது 4,110, கையில் 75,090. அக்கா 25,000 வரை போகலாம் என்று வந்தது நாலாயிரத்துக்கு மேல் பிசகிய கணக்கு. 20,800க்கு மேல் கட்டார்த் தாய்க்கு விட்டுவிட்டு அடுத்த மாதம் வந்திருந்தால் அவவுக்கு அது நடந்திருக்கும். ஆறாம் மாதம் சீட்டு 19,000க்கே போனது.

துண்டு விழுந்த காசை அக்காவின் நாத்தனார் கொடுத்தா. எஞ்சின் வந்தது.

இந்தக் கூத்து முடிந்த சில நாளில் வேறொரு சங்கதி தெரிய வந்தது. அக்கா டவுனில் முதலாளி ஒருவர் நடத்திய சீட்டிலும் இருந்தா. அங்கேயும் 20 பேர், அதே 5,000, அதே 3,000 கொமிசன். ஆனால் அங்கே கொமிசன் கழிவுக்குள் அடங்காது, வெளியே தனியாகப் பிடிபடும். கேட்க ஒரேமாதிரித்தான் இருக்கிறது. 24,000 கழிவுக்கு அங்கே எடுத்தவருக்குக் கிடைப்பது லட்சத்தில் 24,000உம் 3,000உம் போக 73,000. முழுக் கழிவும் பங்குக்கு வருவதால் ஆளுக்கு 1,200, கட்டுவது 3,800. எடுத்தவரின் கையில் நிற்பது 69,200. எங்கள் சீட்டை விட 2,850 குறைவு. மற்றப் பத்தொன்பது பேரும் ஆளுக்கு 150 குறைவாகக் கட்டுகிறார்கள். பத்தொன்பது நூற்றைம்பது அதே 2,850. உள்ளே வைத்தால் நடத்துகிறவரின் கூலியை இருபது பேரும் சுமக்கிறார்கள், வெளியே வைத்தால் அவசரக்காரர் தனியே சுமக்கிறார். இரண்டும் ஏமாற்று இல்லை. ஆனால் சேர முன்னம் எதுவென்று கேட்காமல் சேருகிறவர்கள்தான் பெரும்பாலும். டவுன் முதலாளியின் ஆட்களுக்கு அது தெரிய வந்ததே எடுத்த பிறகுதான்.

இன்னொரு வழக்கமும் சில சீட்டுகளில் உண்டு. எடுத்தவருக்கு அதன் பிறகு பங்கே இல்லை, கடைசி மட்டும் முழு 5,000 கட்ட வேண்டும். கழிவில் பங்கு இன்னும் சீட்டு எடுக்காதவர்களுக்கு மட்டும். எங்கள் ஐந்தாம் மாதத்தை அப்படிப் போட்டால், மிச்சமிருந்த 15 பேருக்கு ஆளுக்கு 1,400 பங்கு வரும். அவர்கள் 3,600 கட்டுவார்கள், எடுத்த ஐவர் முழுவதும் கட்டுவார்கள், சேர்வது அதே 79,000. கருவாட்டு மாமா அந்த வழக்கத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பெரியம்மாவிடம் பல தடவை கேட்டுப் பார்த்தார். “எஞ்சினுக்கு எடுத்தவளையும் உன்னையும் ஒரே தராசில வைக்கச் சொல்லுறியே தம்பி” என்று அவ மறுத்துவிட்டா. எனக்கு அப்போது பெரியம்மா சொன்னது முழுவதும் விளங்கவில்லை. இப்போது பார்த்தால் அவ சொன்னதில் நியாயம் இருக்கிறது. எடுத்தவருக்கும் பங்கு உண்டென்றால் அவரும் மற்ற மாதங்களில் ஏலம் நன்றாக ஏற வேண்டுமென்று விரும்புவார், கூறலுக்கு ஒழுங்காக வருவார், காசும் நேரத்துக்குக் கொண்டுவருவார்.

சீட்டு முடிந்த பிறகு அக்காவுக்கு இது என்ன வட்டிக்கு வந்தது என்று பார்த்தேன். ஐந்தாம் மாதம் வரை அவ கட்டியது, அந்த மாதக் காசோடு, 20,150. எடுத்த 76,000இல் அவ்வளவும் அவவின் சொந்தக் காசு. மிச்சம் 55,850தான் மற்றவர்களிடம் பட்ட கடன். அதற்கு அடுத்த 15 மாதமும் அவ கட்டியது 68,250. பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கூட. குறைந்துகொண்டே போகிற கடனுக்கு இதைப் போட்டுப் பார்த்தால் மாதம் நூற்றுக்கு இரண்டரை ரூபாய் அளவில் வருகிறது. வங்கியோடு வைத்துப் பார்த்தால் கூட. ஆனால் கடலுக்குப் போகிற வீட்டுக்கு, உறுதி இல்லாத காணியில் இருந்துகொண்டு, ஒரு கிழமையில் வங்கிக் கடன் எடுப்பது அன்றைக்குப் பேச்சளவில்தான். ஊரில் கைமாற்றுக் கொடுக்கிறவர்கள் நூற்றுக்கு ஐந்தும் பத்தும் வாங்கினார்கள்.

மறுபக்கம் கருவாட்டு மாமா. இருபதாம் மாதம் கூறல் இல்லை, போட்டிக்கு ஆளில்லை. ஆனாலும் முழு லட்சம் அவருக்குக் கிடைக்கவில்லை. கொமிசன் 3,000 பிடித்துக்கொண்டு 97,000 கொடுத்தா பெரியம்மா. அவர் அதுவரை கட்டியது 88,400. எட்டாயிரத்து அறுநூறு ஆதாயம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், மூவாயிரத்தைச் சொல்லிச் சொல்லிக் குறைப்பட்டார்.

அந்த மூவாயிரம் எதற்கு என்பதை நான் பதினோராம் மாதத்துக்குப் பிறகுதான் கண்ணால் கண்டேன். ஏழாம் மாதம் சீட்டெடுத்த ஒருவர், பன்னிரண்டாம் மாதத்திலிருந்து காசு கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். முதல் மாதம் “வலை விற்கிற காசு வரவில்லை” என்றார். அடுத்த மாதம் வீட்டில் மனைவி மட்டும் இருந்தா. அதற்கடுத்த மாதம் கதவு பூட்டு. அப்படிப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே ஓர் அடையாளம் உண்டு என்று பெரியம்மா சொல்லுவா. கூறலில் பங்கு எவ்வளவு வருமென்று கேட்கவே மாட்டார்கள், கழிவை மட்டும் கண்மூடிக்கொண்டு ஏற்றுவார்கள். திருப்பிக் கட்ட நினைக்கிறவர்தான் கட்டுகிற எண்ணைக் கேட்பார். ஏழாம் மாதம் அவர் 19,000இலிருந்து ஒரேயடியாக 25,000க்குப் பாய்ந்தது என் கொப்பியில் இருக்கிறது. பெரியம்மா அன்றைக்குப் புறோநோட்டு எழுதி வாங்கியிருந்தா, இன்னும் சீட்டெடுக்காத ஒருவரைப் பிணையும் கேட்டிருந்தா. பிணை நின்றவர் பாதியை ஒத்துக்கொண்டார். மிச்சம் ஒன்பது மாதக் காசில் பெரியம்மாவின் கையிலிருந்து போனது இருபதாயிரத்துக்கு மேல். மற்றவர்களின் சீட்டு ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. முதல் சீட்டும் கொமிசனுமாக அவவுக்கு வந்திருக்க வேண்டிய ஆதாயத்தில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே போயிற்று.

இலங்கையில் சீட்டுக்கென்று 1935ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒன்று இருக்கிறது என்பது எங்கள் விறாந்தையில் யாருக்கும் தெரியாது. எனக்கே கொழும்பில் வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும். அங்கே கூட வேலை செய்த ஒருவரின் சொந்தக்காரர் கேரளத்தில் அரசு நடத்துகிற கே.எஸ்.எஃப்.இ.யில் சிட்டி சேர்ந்திருந்தார். 1969இல் திருச்சூரில் தொடங்கிய நிறுவனம் அது. அதன் வழக்கமான சிட்டிகளில் கழிவுக்கு 30 வீத எல்லையும், எல்லையில் பலர் நின்றால் குலுக்கலும் என்று கேட்டபோது, எங்கள் கொப்பியின் முதல் பக்கத்தை யாரோ வாசிக்கிற மாதிரி இருந்தது. இந்தியச் சட்டத்தில் நடத்துகிறவரின் கொமிசன் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக் கூடாதென்று இருந்து, 2019இல் அதை ஏழாக்கினார்கள். பெரியம்மாவின் மூன்று அதற்குப் பக்கத்தில் சின்னதுதான். அங்கே வாராக்கடனுக்கு வழக்குப் போட வழியுண்டு, வைப்புப் பணம் உண்டு. இங்கே பெரியம்மாவின் காப்பும் சங்கிலியும்தான் வைப்பு.

2013 ஆவணியில் முதல் சீட்டு முடிந்து, அடுத்ததை அதே தொகைக்குத் தொடங்கியபோது ஒரு மாற்றம் செய்தோம். கூறல் தொடங்க முன்னம் நான் ஒரு பழைய சிலேற்றில் மூன்று வரி எழுதி விறாந்தைத் தூணில் சாய்த்து வைப்பேன்: இருபது கேட்டால் கையில் 75,850; இருபத்தைந்து கேட்டால் 71,100; முப்பது கேட்டால் 66,350. மாதக் காசைக் கழித்த எண். இடைப்பட்டதை ஆயிரத்துக்கு 950 என்று அவரவரே போட்டுக்கொள்ளலாம். முதல் கூறலில் எல்லாரும் சிலேற்றைப் பார்த்துப் பார்த்துக் கேட்டார்கள். முந்தின சீட்டில் முப்பதுக்குப் போன இரண்டாம் மாதம் இந்தத் தடவை 22,500இல் நின்றது.

கருவாட்டு மாமாவுக்கு அது துண்டாகப் பிடிக்கவில்லை. இருபத்திரண்டரை என்றால் அவருக்குப் பங்கு 975 மட்டும், போன தடவை 1,350 வாங்கினவர். “பள்ளிக்கூடமே நடத்துறியள்? சிலேற்றைத் தூக்கி உள்ள வையுங்கோ” என்று பெரியம்மாவோடு சண்டைக்குப் போனார். மூன்றாம் மாதம் அவரே எழுந்து 15,000 கேட்டார். கடற்கரையில் கருவாடு காயப் போடுகிற வாடியை அவர் பெருப்பிக்க நினைத்திருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். கேட்க முன்னம் சிலேற்றடியில் போய் நின்று, விரலால் கணக்குப் பார்த்துவிட்டு வந்துதான் கேட்டார்.